ஏறிய எடையும் எழுத வராத கடிதமும்

கேள்வி: "எனக்கு 41 வயது. பள்ளியில் கணித ஆசிரியை. 84 கிலோ இருந்தேன், பத்து மாதத்தில் 70-க்கு வந்தேன். அப்புறம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வீடே தலைகீழானது. இப்போது 82. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்கிறார் டாக்டர். மறுபடி ஆரம்பிக்கும் முன் உனக்கு நீயே அன்பாக ஒரு கடிதம் எழுதிப் பார் என்றாள் தோழி. எழுதினேன், படித்தால் அழுகைதான் வருகிறது. அந்தக் கடிதத்தையும் என் எடை நோட்டின் பக்கங்களையும் இத்துடன் அனுப்புகிறேன். அன்பாக எழுதினால் எனக்கு நானே சலுகை கொடுத்துக்கொள்வது ஆகாதா? அப்படி விட்டால் 82 என்பது 90 ஆகிவிடாதா?"
— ஓர் ஆசிரியை, தஞ்சாவூர்

அன்புச் சகோதரிக்கு,

எனக்கு எழுதியதில் நாலாவது வரியிலேயே அப்பாவின் பக்கவாதம் வந்துவிடுகிறது. உங்களுக்கு நீங்களே எழுதிக்கொண்ட ஒன்றரைப் பக்கத்தில் அப்பா எங்குமே இல்லை. முகம் தெரியாத என்னிடம் காரணத்தைச் சொல்லிவிட்டீர்கள், உங்களிடம் மட்டும் மறைத்துவிட்டீர்கள். அந்தக் கடிதத்தைப் படித்தால் அழுகை வருவதற்கு இதுவே போதும்.

அதில் நீங்கள் எழுதியிருப்பது இதுதான்: "நீ சோம்பேறி. ஒரே வருஷத்தில் எல்லாவற்றையும் பாழாக்கிவிட்டாய். திங்கள்கிழமை முதல் அரிசி கிடையாது, இனிப்பு கிடையாது, காலை ஐந்து மணிக்கு நடை. இந்தத் தடவையும் விட்டால் உன்னை மன்னிக்கவே மாட்டேன்." இந்த நான்கு வாக்கியங்களை உங்கள் எடை நோட்டின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முதல் இரண்டும் உண்மைக்குப் புறம்பானவை. மூன்றாவது இன்றைய உங்கள் வீட்டில் நடக்காது. நாலாவது வெறும் மிரட்டல்.

உடல் எடை சிகிச்சைப் பிரிவில் உளவியல் ஆலோசகராக இருப்பதால் இப்படிப்பட்ட கடிதங்கள் என் மேஜைக்கு நிறைய வருகின்றன. பெரும்பாலானவை உங்களுடையதைப் போலத்தான் தொடங்கும். எழுதச் சொன்னது அன்பாக, பேனா எடுத்ததும் வருவது குற்றப்பத்திரிகை. நீங்கள் கேட்ட 'சலுகை' கேள்விக்கும் இதே இடத்தில்தான் பதில் இருக்கிறது, அதனால் அதை முதலில் பார்த்துவிடலாம்.

குற்ற உணர்ச்சி கட்டுப்பாட்டைக் கொண்டுவரும் என்று நாம் எல்லோரும் நம்பி வளர்ந்திருக்கிறோம். சாப்பாட்டு விஷயத்தில் பெரும்பாலும் அது நேர்மாறாக வேலை செய்கிறது. 1975-ல் பீட்டர் ஹெர்மன், டெபோரா மேக் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். வந்தவர்களில் சிலருக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்தார்கள், சிலருக்குக் கொடுக்கவில்லை. பிறகு எல்லோரிடமும் ஐஸ்கிரீமை ருசி பார்த்துச் சொல்லுங்கள், எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்றார்கள். சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்கள், மில்க் ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். டயட்டில் தன்னைக் கட்டுப்படுத்தி வைத்திருந்தவர்களோ மில்க் ஷேக் குடித்த பிறகு அதிகமாகச் சாப்பிட்டார்கள். 'அதான் கெட்டுப்போச்சே, இனி என்ன' என்ற எண்ணம்தான் அவர்களைச் சாப்பிட வைத்தது. ஒரு கல்யாண வீட்டில் இரண்டு ஜாங்கிரி சாப்பிட்டதற்காக அந்த வாரம் முழுவதையும் கைவிட்ட அனுபவம் உங்களுக்கும் இருக்கும்.

2007-ல் கிளேர் ஆடம்ஸ், மார்க் லியரி இருவரும் இதன் அடுத்த படியைச் சோதித்தார்கள். இந்தத் தடவை முதலில் கொடுத்தது டோனட். அதைச் சாப்பிட்டவர்களில் ஒரு பகுதியினரிடம் மட்டும், இதை எல்லோரும்தான் சாப்பிடுகிறார்கள், இதற்காக உங்களையே கடிந்துகொள்ள வேண்டாம் என்ற பொருளில் ஆய்வாளர் இரண்டு வார்த்தை பேசினார். பிறகு மிட்டாய்களை ருசி பார்க்கக் கொடுத்தார்கள். உணவில் தன்னை இறுக்கிக்கொள்ளும் பழக்கமுள்ளவர்களில், அந்த வார்த்தைகளைக் கேட்டவர்கள் கேட்காதவர்களைவிடக் குறைவாகவே சாப்பிட்டார்கள். நீங்கள் பயப்படுவதற்கு நேர் எதிரான முடிவு இது. கடிந்துகொள்ளாதே என்று சொன்னதை அவர்கள் அனுமதியாக எடுத்துக்கொள்ளவில்லை. குற்ற உணர்ச்சி கொஞ்சம் அடங்கியதும் வயிற்றுக்கு எவ்வளவு போதும் என்பது அவர்களுக்குக் கேட்டிருக்கிறது.

இது ஓர் அறையில் ஒரு நாளில் பார்த்த விளைவுதான், இதை வைத்துக் கடிதம் எழுதினால் கிலோ குறையும் என்று நான் சொல்ல மாட்டேன். கடிதத்துக்கு வேறு வேலை இருக்கிறது. தவறிய நாளுக்கும் மறுபடி சரியான நாளுக்கும் நடுவே உள்ள இடைவெளியை அது குறைக்கும். உங்கள் நோட்டைப் பார்த்தால் உங்கள் எடை ஏறியது முழுவதும் அந்த இடைவெளியில்தான்.

அப்படியென்றால் அன்பு என்று எதைச் சொல்கிறேன்? உங்களிடம் படிக்கும் ஒரு பெண் மஞ்சள் காமாலை வந்து ஆறு வாரம் பள்ளிக்கு வரவில்லை, திரும்பி வந்த பரீட்சையில் 38 வாங்கினாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவளைச் சோம்பேறி என்று நீங்கள் சொல்ல மாட்டீர்கள். 38-ஐ 80 என்று திருத்தியும் போட மாட்டீர்கள். எந்தெந்தப் பாடம் நடந்தபோது அவள் வரவில்லை என்று பார்த்து, எதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று கேட்பீர்கள். மார்க்கை உள்ளபடி வைத்துக்கொண்டு காரணத்தையும் உள்ளபடி சேர்த்துக்கொள்வீர்கள். உங்களுக்கு எழுதும் கடிதத்திலும் அதே கண்தான் வேண்டும்.

எனவே கடிதத்துக்கு முன்னால் தனியாக ஒரு தாளில் மாத வரிசை போட வேண்டும். அதில் உணர்ச்சி எதுவும் வேண்டாம், மாதம், எடை, வீட்டில் நடந்தது, நின்றுபோன பழக்கம், இவ்வளவு போதும். நீங்கள் நோட்டை அனுப்பியதால் நானே போட்டுப் பார்த்துவிட்டேன். சென்ற வருடம் பிப்ரவரியில் 70. மார்ச்சில் அப்பாவுக்குப் பக்கவாதம், நோட்டில் ஜூலை வரை பக்கம் வெறுமை. ஜூலை ஓரத்தில் 'அப்பா இங்கே' என்று சின்னதாக ஒரு குறிப்பு. ஆகஸ்டில் 74. செப்டம்பர் ஓரத்தில் 'நைட் சாப்பாடு 10.30, நின்னுகிட்டே'. டிசம்பரில் 77. இந்த ஜூனில் 80, இப்போது அக்டோபரில் 82.

கணக்கு உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இருபது மாதத்தில் 12 கிலோ என்றால் மாதம் 600 கிராம், நாளுக்கு 20 கிராம். ஒரு கிலோ கொழுப்புக்குச் சுமார் 7,700 கலோரி என்று வைத்தால் நாளுக்கு 150 கலோரி சொச்சம்தான் கூடுதல். உடம்பு இப்படி நேர்க்கோட்டில் கணக்குப் பார்ப்பதில்லை, எடை கூடக் கூட அதன் செலவும் கூடும், ஆகவே இது தோராயம்தான். ஆனாலும் அளவு புரிகிறதல்லவா? சர்க்கரை போட்ட ஒரு பால் காபி, கூட இரண்டு பிஸ்கட். 'எல்லாவற்றையும் பாழாக்கிவிட்டாய்' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பெரிய வார்த்தைக்குப் பின்னால் இருப்பது இரவு பத்தரை மணிக்குச் சமையலறையில் நின்றபடி ஒரு சோர்ந்த பெண் கூடுதலாகச் சாப்பிட்ட இரண்டு கரண்டி சாதம்.

அதிகமாக ஏறியது ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை, மாதம் முக்கால் கிலோ. அப்பா வீட்டுக்கு வந்து, காலை நடை நின்று, இரவு உணவு தள்ளிப்போன காலம் அது. இந்த நாலு மாதம் மாதம் அரைக் கிலோதான். அதாவது ஏற்றம் ஏற்கெனவே கொஞ்சம் மெதுவாகி இருக்கிறது. இதையெல்லாம் உங்கள் பழைய கடிதம் பார்க்கவே விடாது, ஏனென்றால் அது 'சோம்பேறி' என்று ஒரே வார்த்தையில் விசாரணையை முடித்துவிட்டது.

இன்னொரு கட்சிக்காரரும் இருக்கிறார், உங்கள் உடம்பு. 2011-ல் மெல்போர்னில் பிரியா சுமித்ரனும் அவருடைய குழுவினரும் உடல் பருமன் உள்ள 50 பேரை வைத்துத் தொடங்கிய ஆய்வு ஒன்றை வெளியிட்டார்கள். மிகக் குறைந்த கலோரி உணவில் பத்து வாரம் வைத்தார்கள், சராசரியாக 13.5 கிலோ குறைந்தது. கிட்டத்தட்ட நீங்கள் குறைத்த அளவு. ஒரு வருடம் கழித்து மறுபடி இரத்தம் எடுத்துப் பார்த்தால், பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் இன்னும் பழைய அளவைவிட உயர்ந்தே இருந்தது, கொழுப்புக் கையிருப்பு போதும் என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் தாழ்ந்தே இருந்தது. அவர்களும் முன்பைவிடப் பசிக்கிறது என்றுதான் சொன்னார்கள். நீங்கள் பத்து வாரம் அல்ல, பத்து மாதம் எடுத்துக் குறைத்தீர்கள். ஆனாலும் 70 கிலோவில் நின்றபோது உங்கள் உடம்பும் இதே போல இழந்ததைத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்திருக்கும். அந்தப் பசியை அடக்கி வைக்க உங்களிடம் இருந்தவை காலை நடையும், நேரத்துக்குச் சாப்பாடும், முழுத் தூக்கமும். மார்ச்சுக்குப் பிறகு மூன்றும் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. பசி மட்டும் போகவில்லை.

இனி கடிதம். 'நான்' என்று எழுத வேண்டாம். மேலே உங்கள் பெயரைப் போட்டு 'நீ' என்று எழுதுங்கள். தன்னைப் பெயர் சொல்லி, வெளியிலிருந்து அழைத்துப் பேசும்போது மனக்கலக்கம் குறைகிறது என்று ஈதன் கிராஸ் என்ற உளவியலாளரின் குழு 2014-ல் காட்டியது. யார் குரலில் எழுதுவது என்பதும் முக்கியம். அம்மா குரலில் எழுதினால் சிலருக்கு உடனே திட்டு வந்துவிடும். உங்களைக் கடிதம் எழுதச் சொன்ன அந்தத் தோழியின் குரலே சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன், அவள் இந்த இருபது மாதத்தையும் கூட இருந்து பார்த்தவள். கையால் எழுதுங்கள், ஒரு பக்கத்துக்குள் முடியுங்கள். வீடு அடங்கிய பிறகு எழுதாதீர்கள், சோர்வில் பேனா தானாகவே திட்ட ஆரம்பித்துவிடும். ஞாயிறு மதியம் அண்ணனோ வேறு யாரோ அப்பா பக்கத்தில் இருக்கும் அரை மணி நேரம் நல்லது.

உங்கள் நோட்டை வைத்து ஒரு மாதிரி எழுதிப் பார்த்தேன். அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், பொருந்தாத வரியை அடித்துவிட்டு உங்கள் வார்த்தையைப் போடுங்கள்.

"நேற்று உன் நோட்டை எடுத்துப் பார்த்தேன். போன வருஷம் பிப்ரவரியில் 70, இப்போது 82. இருபது மாதத்தில் 12 கிலோ. இந்த எண்ணைப் பார்க்க உனக்கு வெட்கமாக இருக்கிறது, எனக்குத் தெரியும். சித்தி வீட்டு விசேஷத்தில் 'என்ன, மறுபடி போட்டுட்டே' என்று எல்லோர் முன்னாலும் கேட்டதிலிருந்து நீ போட்டோவில் நிற்பதில்லை. அதுவும் எனக்குத் தெரியும்.

மார்ச்சிலிருந்து ஜூலை வரை நோட்டில் ஒன்றும் இல்லை. அப்போது நீ ஆஸ்பத்திரிக்கும் ஸ்கூலுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தாய். அந்த வெற்றுப் பக்கத்துக்கு நீ யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

ஜூலையில் அப்பா வீட்டுக்கு வந்தார். காலை ஐந்து மணி அதுவரை உன்னுடையது, அதன் பிறகு அவருடையது. அவரைத் தூக்கி உட்கார வைத்து, பல் தேய்த்துவிட்டு, பிசியோதெரபிப் பயிற்சி செய்ய வைத்துவிட்டு ஸ்கூலுக்குக் கிளம்புகிறாய். நடை போனது அப்படித்தான். ராத்திரி அவரைத் தூங்க வைத்து, பேப்பர் திருத்தி முடித்து, பத்தரை மணிக்கு நின்றபடியே சாப்பிட ஆரம்பித்ததும் அப்போதுதான். பசி, களைப்பு, யாரும் பார்க்காத நேரம். தட்டில் எவ்வளவு போட்டோம் என்று நீ பார்க்கவில்லை. அது நடந்தது, மறைக்க வேண்டாம். அந்த நேரம்தான் இப்போது உன்னால் மாற்ற முடிந்த இடம்.

அப்பாவைப் பார்த்துக்கொண்டே தன் சாப்பாட்டைத் தவறவிட்ட முதல் ஆள் நீ இல்லை. நம் தெருவிலேயே நாலு பேரைச் சொல்லுவேன்.

70-க்கு வந்தபோது கற்றுக்கொண்டது உன்னிடம் இன்னும் இருக்கிறது. சாதத்தைக் கப்பில் அளந்து போடத் தெரியும். சுண்டல் சாப்பிட்ட நாளில் நாலு மணிப் பசி வராது என்று தெரியும். எழுதி வைத்தால் கை நிற்கும் என்று தெரியும்.

இப்போதைக்கு உன்னிடம் ஒன்றுதான் கேட்கிறேன். ராத்திரி அப்பா சாப்பிடும்போது நீயும் தட்டு போட்டு உட்கார்ந்து சாப்பிடு. எட்டு மணிக்கு. மற்றதை அப்புறம் பேசலாம். ஒரு நாள் முடியாமல் போனால் மறுநாள் எட்டு மணிக்கு உட்கார், அதற்காகக் காலையில் பட்டினி கிடக்காதே."

இந்த மாதிரியில் 'நீ அழகாகத்தான் இருக்கிறாய்', 'எடையெல்லாம் ஒரு விஷயமா' போன்ற வரிகளை வேண்டுமென்றேதான் போடவில்லை. சர்க்கரை எல்லையில் நிற்கும்போது எடை ஒரு விஷயம்தான். நீங்கள் நம்பாத ஆறுதலை எழுதினால் படிக்கும்போது மனம் அதைத் தள்ளிவிடும், கூடவே மற்ற உண்மைகளையும் தள்ளிவிடும். நம் தெருவிலேயே நாலு பேர் என்ற வரி சாதாரணமாகத் தெரியலாம், ஆனால் அதைத் தூக்கிவிடாதீர்கள். தன்னிடம் கனிவோடு இருப்பது பற்றி நெடுங்காலம் ஆய்ந்துவரும் கிறிஸ்டின் நெஃப் அதற்கு மூன்று பகுதிகள் சொல்கிறார், அதில் ஒன்று இது எனக்கு மட்டும் நேர்ந்ததல்ல என்ற உணர்வு. எடை திரும்ப ஏறியவர்கள் பெரும்பாலும் யாரிடமும் சொல்லாமல் ஒளிந்துகொள்வதால் இந்தப் பகுதிதான் முதலில் காணாமல் போகிறது.

கடிதம் சரியாக வந்திருக்கிறதா என்று எப்படித் தெரியும்? மறுநாள் எடுத்துப் படியுங்கள், படித்ததும் கை எதற்குப் போகிறது என்று கவனியுங்கள். இன்று மதியம் சாப்பிடாமல் இருந்துவிடலாம் என்று தோன்றினால் தண்டனை எங்கோ ஒரு வரியில் ஒளிந்திருக்கிறது. பொதுவாக 'மாட்டேன்', 'கூடாது', 'இனிமேல்' என்று முடியும் வரிகளில் தேடுங்கள். படித்து முடித்ததும் மனம் லேசாகி, ஆனால் செய்ய ஒன்றும் தோன்றவில்லை என்றால் மாத வரிசையிலிருந்து உண்மைகள் போதிய அளவு வரவில்லை. இன்று இரவு எட்டு மணிக்கு யார் குழம்பைச் சூடு பண்ணுவது என்ற யோசனை வந்தால் கடிதம் வேலை செய்கிறது, அதை மேற்கொண்டு மெருகேற்ற வேண்டியதில்லை.

திங்கள்கிழமை, ஐந்து மணி நடை, அரிசி கிடையாது ஆகிய மூன்றையும் இப்போது தொட வேண்டாம். 70-க்குக் கொண்டுவந்த பழைய திட்டம் நல்ல திட்டம்தான், ஆனால் அது காலை ஐந்து முதல் ஆறரை வரை தன் கையில் வைத்திருந்த ஒரு பெண்ணுக்காகப் போட்டது. அந்த ஒன்றரை மணி நேரம் இன்று உங்களிடம் இல்லை. அதே திட்டத்தை எடுத்தால் இரண்டாவது வாரமே உடையும், உடைந்ததும் 'பார்த்தாயா' என்று பழைய கடிதம் எழுந்து நிற்கும்.

முதல் இரண்டு வாரத்துக்கு எடை குறைப்பதே நோக்கம் இல்லை. ஏறுவது நின்றால் போதும். மாதம் அரைக் கிலோ ஏறிக்கொண்டிருந்தது 82-லேயே நின்றால் அது சின்ன விஷயம் அல்ல. இரவுச் சாப்பாடு எட்டு மணிக்கு, இது ஒன்றுதான் வேலை. பத்தரைக்கு மறுபடி பசித்தால் ஒரு டம்ளர் பாலோ மோரோ உட்கார்ந்து குடியுங்கள், பசியோடு படுக்க வேண்டாம். மூன்றாவது வாரத்திலிருந்து நடையைச் சேர்க்கலாம், ஆனால் காலையில் அல்ல. மதிய இடைவேளையில் சாப்பிட்டதும் பள்ளி மைதானத்தைச் சுற்றிப் பதினைந்து நிமிடம், மாலை பஸ்ஸில் ஒரு நிறுத்தம் முன்னால் இறங்கி ஒரு பத்துப் பதினைந்து நிமிடம். சாப்பிட்ட பின் நடப்பது சர்க்கரைக்கும் நல்லது.

எடை மெஷினில் வாரம் ஒரு நாள், காலையில் பாத்ரூம் போய்வந்த பின், ஒன்றும் சாப்பிடும் முன் ஏறினால் போதும். உப்பு அதிகமான சாப்பாடு, மாதவிடாய், மலச்சிக்கல் எல்லாம் ஒன்று இரண்டு கிலோவைச் சுலபமாக ஏற்றி இறக்கும், அது கொழுப்பு அல்ல. ஆகவே ஒரு வார எண்ணைப் பார்த்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். நாலு வார எண்களைக் கூட்டிச் சராசரி எடுத்து, முந்தைய நாலு வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். அலமாரியில் 70 கிலோவுக்குத் தைத்த பிளவுஸ்களைக் கண்ணில் படாத இடத்தில் எடுத்து வைத்துவிட்டு, இப்போதைய அளவுக்கு நாலு பிளவுஸ் தைத்துக்கொள்ளுங்கள். இறுக்கிப் பிடிக்கும் துணி தினமும் காலையில் உங்களைத் திட்டிக்கொண்டே இருக்கும். அந்தத் திட்டைத் தாண்டித்தான் மற்ற எல்லாமே நடக்க வேண்டியிருக்கும்.

கடிதத்தை எப்போது படிப்பது என்றும் சொல்ல வேண்டும். தினமும் படித்தால் அது சுலோகம் ஆகிவிடும். தவறிய நாளுக்காக வைத்திருங்கள். தீபாவளி வருகிறது, பலகாரம் சாப்பிடுவீர்கள், ஏதாவது ஒரு நாள் அளவு மீறும். மீறிய பிறகு, அடுத்த வேளைச் சாப்பாட்டுக்கு முன் எடுத்துப் படியுங்கள். படித்ததும் அந்த வேளையை வழக்கமான அளவில், வழக்கமான நேரத்தில் சாப்பிடுங்கள். ஈடுகட்டுவதற்காகக் குறைக்காதீர்கள், குறைத்தால் மாலையில் பசி வட்டியோடு வரும். மது, புகைப் பழக்கங்கள் திரும்புவதைப் பற்றி ஆய்ந்த ஆலன் மார்லட் 1980-களில் வலியுறுத்திச் சொன்னது இதையே. ஒரு தடவை தவறுவது வேறு, பழைய பழக்கத்துக்கே திரும்பிப் போவது வேறு. முதலாவதை இரண்டாவதாக மாற்றுவது பெரும்பாலும், 'என் புத்தியே இப்படித்தான்' என்று அந்தத் தவறுக்கு நாம் கொடுக்கும் விளக்கம். கடிதத்தின் அடியில் தேதி போட்டு, அன்று என்ன நடந்தது என்று ஒரு வரி எழுதிவிட்டு மடித்து வையுங்கள். சில மாதம் கழித்து அந்த வரிகளில் ஒரே காரணம் திரும்பத் திரும்ப வந்தால், திட்டத்தில் மாற்ற வேண்டியது அதைத்தான்.

70-க்குப் போய்த் திரும்பியதெல்லாம் வீண் என்றும் ஓர் இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் சர்க்கரை நிலைக்கு நேரடியாகச் சம்பந்தமுள்ள ஓர் ஆய்வைச் சொல்கிறேன். சென்னையிலிருந்து டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு, முடிவு வெளியானது 2006-ல். உங்களைப் போலச் சர்க்கரை எல்லையில் இருந்தவர்களில் ஒரு பிரிவினர் உணவையும் நடையையும் மாற்றினார்கள். மூன்று வருடத்தில் அவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு, வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களைவிட 28.5 சதவீதம் குறைந்தது. இத்தனைக்கும் அவர்கள் எடை பெரிதாகக் குறையவில்லை. எனவே எட்டு மணிச் சாப்பாடும் மைதானத்தில் பதினைந்து நிமிடமும் எடை மெஷினில் தெரியும் முன்பே உங்களுக்கு வேலை செய்யத் தொடங்கியிருக்கும். 82-லிருந்து நாலைந்து கிலோ இறங்கினால் அது மேலும் லாபம். 70-ஐ மறுபடி தொட்டால்தான் கணக்கு என்று வைக்க வேண்டாம்.

கடிதத்தால் ஆகாதவையும் உண்டு. தைராய்டுக்கான டி.எஸ்.எச். பரிசோதனை எடுத்து வெகு நாளாகியிருந்தால் டாக்டரிடம் கேட்டு எடுத்துவிடுங்கள். ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள், சில சர்க்கரை மருந்துகள் எடையை ஏற்றும், இந்த இருபது மாதத்தில் எந்த மாத்திரை புதிதாகச் சேர்ந்தாலும் அதையும் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். பத்தரை மணிச் சாப்பாடு சில நாள் கட்டுக்கடங்காமல் போய், நிறுத்த முடியாமல் சாப்பிட்டு, பிறகு ஒளித்து வைத்தோ வாந்தி எடுத்தோ சமாளிக்கும் நிலை இருந்தால் அதற்குத் தனிச் சிகிச்சை இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, வாழ்ந்து என்ன என்று தோன்றுகிறது என்றால் கடிதத்தை மூடி வைத்துவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இலவசமாக, எந்த நேரத்திலும், தமிழிலும் பேசலாம். வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு இந்தச் சோர்வு மெதுவாக ஏறும், கூட இருப்பவர்களுக்குத் தெரியாது.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். எட்டு மணிக்கு நீங்கள் உட்கார வேண்டுமானால், அந்த நேரத்தில் வேறொருவர் ஏதாவது ஒரு வேலையைக் கையில் எடுக்க வேண்டும். அது அப்பாவுக்கு மருந்து கொடுப்பதாக இருக்கலாம், பாத்திரம் எடுத்து வைப்பதாக இருக்கலாம். யார், எந்த வேலை என்பதை இந்த வாரமே வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். 'என் சர்க்கரை எல்லையில் இருக்கிறது, நான் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும்' என்றே சொல்லுங்கள், அது உண்மையும்கூட. மூன்று மாதத்துக்கான சராசரிச் சர்க்கரைப் பரிசோதனையை இப்போது ஒரு தடவையும், ஜனவரி கடைசியில் ஒரு தடவையும் எடுத்து, இரண்டு முடிவுகளையும் நோட்டில் எடைக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.